‘பேண்டிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: பட்டையா, படியா?

அனைவருக்கும் வணக்கம். சீராக மாற வேண்டிய நிறம் காட்சியில் கோடு கோடாகப் பிரிந்து தெரியும் குறைதான் ‘பேண்டிங்’. அதற்கு நம் சொற்பட்டியலில் ‘வண்ணப்பட்டை’ என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். சோதனைக்காகத் திரையில் காட்டும் ஏழு நிறக் கட்டங்களை ஏற்கெனவே வண்ணப்பட்டை என்றுதான் சொல்கிறோம். ஒரு குறைபாட்டுக்கும் ஒரு சோதனைக் கருவிக்கும் ஒரே பெயர் இருப்பது சரியன்று.

சென்ற மாதம் கிருஷ்ணகிரி அணையில், பொழுது சாய்ந்த நேரத்தில், ஒரு திருமணத்துக்கான காட்சிகளை இரண்டு கேமராக்களில் பிறகு நிறம் ஏற்றுவதற்கென மங்கலாகப் பதியும் S-Log3 அமைப்பில் எடுத்தோம். ஒன்று எட்டு பிட், மற்றது பத்து பிட். எடுத்தபடியே பார்த்தபோது இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நிறம் ஏற்றி, மாறுபாட்டை மும்மடங்காக்கியதும், எட்டு பிட்டில் வானம் கோடு கோடாகப் பிரிந்துவிட்டது.

கணக்கு எளியது. S-Log3 அமைப்பில் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது வெளிச்சம் இருமடங்காகும் அளவுக்கு, பத்து பிட்டில் ஏறத்தாழ 79 நிலைகள் கிடைக்கின்றன. எட்டு பிட்டில் அதில் கால் பங்கு, அதாவது 20. எங்கள் வானம் மேலிருந்து அடிவானம்வரை 700 வரிகளில் அரை ஸ்டாப்தான் மாறியது. எனவே எட்டு பிட்டில் அந்த வானம் முழுவதற்கும் பத்தே நிலைகள். 70 வரிகளுக்கு ஒரே நிறம், பிறகு ஒரு தாவல். மாறுபாட்டை மும்மடங்காக்கினால் அந்தத் தாவலும் மும்மடங்காகிக் கண்ணில் உறுத்துகிறது. பத்து பிட்டில் 18 வரிக்கு ஒருமுறை தாவல் வந்தாலும், மும்மடங்காக்கிய பிறகும் அது எட்டு பிட்டின் ஒரு நிலையைவிடச் சிறியது.

இது மேலே பூசிய பட்டையன்று, சரிவாக இறங்க வேண்டியது படியாக இறங்குவது. மடிப்பு விழுகிறது, கோடு விழுகிறது என்பதுபோல ‘நிறப்படி விழுதல்’ என்று வைக்கலாமா?

— ஒளிப்பதிவாளர், கிருஷ்ணகிரி

வணக்கம் அண்ணா. சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்காகப் பத்து பிட் கேமரா எதற்கு? எட்டு பிட் கோப்பைப் பத்து பிட்டாக மாற்றி எடுத்துக்கொண்டு நிறம் ஏற்றினால் படி விழாது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

— படத்தொகுப்பாளர், ஓசூர்

தம்பி சொல்வதில் பாதி சரி. எடிட்டிங் மென்பொருள் உயர்ந்த துல்லியத்தில் கணக்கிட்டால், நிறம் ஏற்றும்போது புதிய இழப்பு சேராது. ஆனால் பதிவின்போதே போன நிலைகள் திரும்பி வருவதில்லை. பத்து நிலைகள் பெரிய பாத்திரத்துக்கு மாறினாலும் பத்தாகவே இருக்கும். உங்களுக்குப் படி விழாததற்குக் காரணம், உங்கள் காட்சிகளில் இருந்த மெல்லிய இரைச்சலாக இருக்கலாம். அது நிலைகளின் எல்லையைக் கலைத்து மறைத்துவிடும். கேமரா செய்யும் கோப்புச் சுருக்கம் அந்த இரைச்சலை வழித்துத் துடைத்துவிட்டால் படி தெளிவாகத் தெரியும். கடைசியில் சிறிது மணித்துகள் போன்ற இரைச்சலை நாமே சேர்ப்பது நல்ல மறைப்பு. நிலைகளை அது நிரப்பாது.

கையிலிருக்கும் கோப்பு எதுவென்று ஐயமிருந்தால் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=pix_fmt -of csv=p=0 a.mp4
```

`yuv420p` என்று வந்தால் எட்டு பிட். `yuv422p10le` போல 10 சேர்ந்து வந்தால் பத்து பிட் கோப்பு. ஆனால் மாற்றி எடுத்த கோப்பும் இதே விடையைத்தான் சொல்லும். ஆகவே கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத்தான் சோதிக்க வேண்டும்.

— நிறம் ஏற்றுபவர், தருமபுரி

ஐயா, என் கேமரா பத்து பிட். ஒகேனக்கல் அருவியின் மேல் மூடிய பனிமூட்டத்தை எடுத்து இணையத்தில் ஏற்றினேன். கைப்பேசியில் பார்த்தால் கட்டம் கட்டமாக இருக்கிறது. அப்படியானால் பத்து பிட் என்று சொல்லி விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

— பென்னாகரம்

ஏமாற்றம் இல்லை, அம்மா. நீங்கள் பார்த்தது ஏற்றிய பின் நடந்த சுருக்கத்தின் விளைவு. சதுரம் சதுரமாகத் தெரிந்தால் சுருக்கம். நிறம் மாறும் திசைக்குக் குறுக்கே நீண்ட வளைகோடாகத் தெரிந்தால் நிலைக் குறைவு. உறுதி செய்ய, மூலக் கோப்பை எடிட்டிங் மென்பொருளில் திறந்து வெளிச்ச அளவைக் காட்டும் அலைவரைபடத்தைப் பாருங்கள். பனிமூட்டத்தின் நிறச் சரிவு தொடர்ந்த தடமாக இருந்தால் நல்லது; இடைவெளிவிட்ட தனித்தனிக் கோடுகளாக இருந்தால் படி விழுந்திருக்கிறது. எட்டு பிட் திரை தானாகவே சில நேரம் படி காட்டும் என்பதால், கண்ணைவிட வரைபடத்தை நம்புவது நல்லது.

சொல்லைப் பொறுத்தவரை, இந்த இரண்டு குறைகளையும் ‘பட்டை’ ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே ‘நிறப்படி விழுதல்’ எனக்கு உடன்பாடு.

— நிறம் ஏற்றுபவர், தருமபுரி

எனக்கு ஒரு தடை உண்டு. ‘படி’ என்றால் நகல் என்றும் பொருள். ‘நிறப்படி’யை நிற நகல் என்று படிப்பார்கள். ‘நிறப்படிக்கட்டு’ நீளம். மேலும், நிறமில்லாத கறுப்பு வெள்ளைக் காட்சியிலும் இது நிகழும். அதற்கு ‘நிற’ என்பது பொருந்துமா?

— தமிழாசிரியர், அரூர்

அந்தத் தடை நியாயமானது. முன்னொட்டை விட்டுவிட்டு ‘படி விழுதல்’ என்று மட்டும் வைத்தால் கறுப்பு வெள்ளைக்கும் பொருந்தும். ‘விழுதல்’ கூடவே வருவதால் நகல் என்ற மயக்கமும் குறையும். ஆனால் பெயராகத் தனித்து நிற்கும்போது ‘படிவிழல்’ என்பதா, ‘படிவு’ என்பதா? ‘படிவு’ வண்டலைக் குறிப்பதால் எனக்குத் தயக்கம். மற்றவர்கள் சொல்லும்வரை பட்டியலில் ‘வண்ணப்பட்டை’யை மட்டும் நீக்கி வைக்கிறேன்.

— ஒளிப்பதிவாளர், கிருஷ்ணகிரி