கோடு எழுதும் முன் எல்லை வரியைப் படிப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலை அக்கா

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கூடி கோடிங் கணக்கு போடுவார்கள். அங்கே நடந்த ஒரு விஷயத்தைப் பகிரத்தான் இந்த இழை.

அட்கோடர் தளத்தில் டிபி பழகுவதற்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் D கணக்கின் பெயர் Knapsack 1, அதற்கடுத்த E கணக்கு Knapsack 2. இரண்டுக்கும் கதை ஒன்றேதான். N பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, ஒரு மதிப்பு. W எடை தாங்கும் பையில் அதிகபட்சம் எவ்வளவு மதிப்பை அடைக்கலாம்? D-யை முடித்த ஒரு தம்பி E-யைத் திறந்து, "இது அதேதானே" என்று பழைய கோடை அப்படியே ஒட்டப் போனான். நான் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளீடு எவ்வளவு பெரிதாக வரலாம் என்று கணக்கில் கொடுத்திருக்கும் எல்லைகளை மட்டும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

D-யில் N ≤ 100, W ≤ 10^5, மதிப்பு 10^9 வரை. E-யில் N ≤ 100, W ≤ 10^9, மதிப்பு 10^3 வரை. எது பெரியது, எது சிறியது என்பது இடம் மாறிவிட்டது. மாற்றம் அவ்வளவுதான்.

D-யில் ஒவ்வொரு எடைக்கும் கிடைக்கும் அதிகபட்ச மதிப்பை வைத்துக்கொண்டால் 100 × 10^5, அதாவது 10^7 படிகள். இரண்டு விநாடிக்குள் நிம்மதியாக முடியும். அதே முறையை E-யில் போட்டால் 10^11 படிகள். அது ஓடி முடிவது ஒருபுறம் இருக்கட்டும், 10^9 இடமுள்ள long long அரேக்கே 8 ஜிபி வேண்டும். அங்கே அனுமதி 1024 எம்பி.

"சரி, இதில் சின்னதாக இருப்பது எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தத் தம்பியே, "மதிப்பு அக்கா, எல்லாப் பொருளையும் கூட்டினாலும் 10^5 தாண்டாது" என்றான். அதற்குமேல் நான் எதுவும் சொல்லித்தரவில்லை. அரேயின் சுட்டெண் எடையிலிருந்து மதிப்புக்கு மாறியது, உள்ளே வைக்கும் எண் மதிப்பிலிருந்து எடைக்கு மாறியது. இத்தனை மதிப்பை எட்ட எவ்வளவு குறைந்த எடை போதும் என்று கேள்வி திரும்பிவிட்டது.

```
vector<long long> dp(100001, 1e18);
dp[0] = 0;
for (int i = 0; i < n; i++)
  for (int s = 100000; s >= v[i]; s--)
    dp[s] = min(dp[s], dp[s - v[i]] + w[i]);
```

dp[s] ≤ W ஆக இருக்கும் மிகப் பெரிய s தான் விடை. மறுபடியும் அதே 10^7 படிகள். எடைகளைக் கூட்டினால் 10^11 வரை போகும் என்பதால் int போதாது என்பதும் எல்லை வரியிலேயே இருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: எதை அரேயின் சுட்டெண்ணாக வைப்பது என்பதை எல்லையே காட்டிக்கொடுத்துவிட்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

குழித்துறை தம்பி

அருமை அக்கா. எங்கள் ஹாஸ்டலில் இதற்கு ஒரே வாய்ப்பாடு. ஒரு விநாடிக்கு 10^8. n-ஐ அதில் வைத்துப் பார்ப்போம். n ≤ 10^4 என்றால் n² சரியாக 10^8 வரும், கண்ணை மூடிக்கொண்டு இரண்டு லூப் எழுதிவிடலாம். n ≤ 2·10^5 என்றால் n² 4·10^10 ஆகிவிடும், அப்போது சார்ட் செய்தோ பைனரி சர்ச் வைத்தோ n log n-க்குப் போவோம். இதுவரை கைவிட்டதில்லை.

வடசேரி அண்ணன்

தம்பி, இரண்டாவது பாதி சரி. முதல் பாதியில் கண்ணை மூடவேண்டாம். அந்த 10^8, உள்லூப்பில் ஒரு கூட்டல், ஒரு ஒப்பீடு மட்டும் இருந்து, அரேயில் வரிசையாக நடந்துபோகும் சி++ கோடுக்குப் பொருந்தும். அதே லூப்புக்குள் ஒரு map தேடல் வைத்தால் ஒரு படியே பல படிகளாகிவிடும். n ≤ 10^4 மாதிரி நடுவில் நிற்கும் எல்லையைப் பார்த்தால் நான் முதலில் டைம் லிமிட்டைத்தான் பார்ப்பேன், அடுத்து உள்லூப்பில் என்ன வேலை நடக்கிறது என்று பார்ப்பேன்.

n-ஐவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது டெஸ்ட் கேஸ் எண்ணிக்கை. கோட்ஃபோர்சஸில் t ≤ 10^4, n ≤ 2·10^5 என்று போட்டு, கீழே எல்லா டெஸ்ட் கேஸிலும் சேர்த்து n-இன் கூட்டுத்தொகை 2·10^5 தாண்டாது என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காதவர் 10^4-ஐ 2·10^5-ஆல் பெருக்கிப் பயந்து, சரியான n log n வழியையே தூக்கிப் போட்டுவிடுவார்.

படித்தவரும் இன்னொரு இடத்தில் விழுவார். என்னோடு பயிற்சி செய்த ஒரு பையனின் கோடு மாதிரி உள்ளீடுகளில் சட்டென்று ஓடியது, சப்மிட் செய்தால் டைம் லிமிட் தாண்டியது. லாஜிக்கில் குறையே இல்லை. ஒவ்வொரு டெஸ்ட் கேஸின் தொடக்கத்திலும் 2·10^5 நீளமுள்ள குளோபல் அரே முழுவதையும் பூஜ்ஜியமாக்கிக்கொண்டிருந்தான். n = 1 என்று பத்தாயிரம் கேஸ் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு லட்சம் இடம் துடைக்கிறது, மொத்தம் 2·10^9. n + 1 இடம் மட்டும் துடைத்ததும் பாஸ் ஆகிவிட்டது. தோற்ற டெஸ்டில் t பெரிதாகவும் n குட்டியாகவும் இருந்தால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வரவேண்டும்.

குலசேகரம்

எனக்கும் எல்லைப் பிரச்சினை உண்டு. வளாகத் தேர்வுக்கு ஒரு நிறுவனம் ஆன்லைனில் வைத்த டெஸ்டில் கோட் பெட்டிக்குள் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. என் கோடு நீளமாகிவிட்டதால் பாதியை அழிக்கவேண்டி வந்தது. அதற்கு என்ன செய்வது?

தக்கலை அக்கா

அது வேறு வரம்பு மக்களே. இங்கே பேசுவது, கணக்கில் கொடுத்திருக்கும் உள்ளீடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைப் பற்றி. அந்த டெஸ்டில் n எத்தனை வரை என்று போட்டிருந்தார்களா?

குலசேகரம்

எதுவுமே போடவில்லை அக்கா. இரண்டு மாதிரி உள்ளீடு மட்டும் இருந்தது.

வடசேரி அண்ணன்

அப்படி வந்தால் n 10^5 வரை வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுவது என் வழக்கம். நேரம் குறைவாக இருந்தால், சரியாக ஓடும் மெதுவான கோடை முதலில் சமர்ப்பித்துவிடுவேன். எத்தனை டெஸ்ட் பாஸ் ஆகிறது என்பதை வைத்து அளவை ஊகிக்கலாம்.

குளச்சல் மீரான்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சின்ன எல்லையைப் பார்த்ததும் மெதுவான வழிதான் விடை என்று நினைப்பதும் ஆபத்துதான். கோட்ஃபோர்சஸ் 4A, w கிலோ பழத்தை இரட்டை எண் எடையுள்ள இரண்டு துண்டுகளாக வெட்ட முடியுமா என்று கேட்கும் அந்தத் தர்ப்பூசணிக் கணக்கில் w ≤ 100. எல்லா விதமாகவும் பிரித்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் இரட்டை எண்ணாகவும் 2-ஐவிடப் பெரிதாகவும் இருந்தால் YES, அவ்வளவுதான் கணக்கு. எழுதியவர் எல்லையைச் சிறிதாக வைத்தது, நாம் லூப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்பதற்காக இல்லை. n ≤ 1000 என்று இருந்தாலும் எனக்கு முதலில் O(n) வழி தெரிந்தால் அதையே எழுதுவேன்.

வடசேரி அண்ணன்

ஒத்துக்கொள்கிறேன். எல்லை சொல்வது எது நேரத்துக்குள் முடியும் என்பதை மட்டும்தான். ஆனாலும் n ≤ 20 என்று பார்த்தால் என் கை தானாக பிட்மாஸ்க்குக்குத்தான் போகும். 2^20 பத்து லட்சத்துக்குச் சற்று மேல். சாதாரணமாக 10^5 வைக்கக்கூடிய கணக்கில் யாரும் சும்மா 20 வைக்கமாட்டார்கள்.

குளச்சல் மீரான்

சும்மா வைத்தவர்களும் உண்டு அண்ணே. யோசனை வெளியே தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே சின்ன எல்லை வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

தோவாளைக்காரி

அக்கா, உங்கள் Knapsack 2 கோடை வரிக்கு வரி பைதானில் எழுதிப் பார்த்தேன். விடை சரி, ஆனால் இரண்டு விநாடியைத் தாண்டிவிட்டது. 10^7 என்றால் பைதானுக்கும் போதும் என்றுதான் நினைத்தேன். PyPy-க்கு மாற்றியதும் பாஸ் ஆனது. அப்படியென்றால் பைதானில் எழுதுபவர்கள் எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடவேண்டும்?

தக்கலை அக்கா

சாதாரண பைதானில் 10^7 படி உள்லூப் இருந்தாலே நான் நம்பமாட்டேன், 10^6 என்றால்தான் நிம்மதி. உன் கோடில் ஒன்று பார். s எப்போதும் 10^5-இலிருந்துதான் இறங்குகிறதா? வந்த பொருட்களின் உண்மையான மதிப்புக் கூட்டுத்தொகையிலிருந்து இறங்கினால் பல டெஸ்டுகளில் வேலை குறையும். ஆனால் 100 பொருளுக்கும் மதிப்பு 1000 என்று ஒரு டெஸ்ட் இருந்தால் அதுவும் உதவாது. numpy வைத்து உள்லூப்பை ஒரே வரியாக்கிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இவளுக்குச் சொல்லுங்கள்.