எண்ணத் தெரியாத சீடர்கள் கதையைச் சித்தப்பாவின் ஓய்வு விழாவில் சொல்லலாமா?

அசோக் (திண்டுக்கல்)

சித்தப்பா அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டராக இருந்துவிட்டு இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். விழாவில் நான் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பரமார்த்த குருவும் சீடர்களும் ஆற்றைக் கடந்ததும் ஆள் எண்ணுவார்களே, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவர் குறைகிறார் என்று அழுவார்களே, அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதைச் சித்தப்பா கதையாக மாற்றலாம் என்று நினைத்தேன். தங்கச்சி "அரதப் பழசு, யாரும் சிரிக்க மாட்டார்கள்" என்கிறாள். ஒரு ஜோக் பழசு, அல்லது எங்கிருந்தோ எடுத்தது என்று கேட்பவருக்கு எதை வைத்துத் தெரிகிறது? பிடித்த பழைய ஜோக்கை நம்முடையதாக்க வழி உண்டா?

பட்டிமன்றப் பிரியன்

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் ஒரே ஜோக்கைப் பல வருஷமாகக் கேட்கிறேன், இன்றும் கூட்டம் சிரிக்கிறது. தெரிந்த கதை என்றால் பெரியவர்களுக்குத் தனிச் சந்தோஷம். சீடன் பெயருக்குப் பதில் சித்தப்பா பெயர், ஆற்றுக்கு வைகை என்று போடுங்கள், உங்கள் கதையாகிவிடும்.

கதைக்கயிறு

முதல் பாதி சரி, இரண்டாம் பாதியில் நான் மாறுபடுகிறேன். திருவிழா மேடையில் அந்தப் பேச்சாளரின் குரலுக்கும் நிறுத்தத்துக்கும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள், ஐந்து நிமிஷம் பேசப்போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பெயரை மட்டும் மாற்றுவதுதான் கேட்பவரிடம் மாட்டிக்கொள்ள நேர்வழி. சோதித்துப் பாருங்கள்: சித்தப்பா பெயரை எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மாமா பெயரைப் போட்டால் கதை ஒரு சொல்கூட மாறாமல் நிற்கிறதா? நின்றால் அது சித்தப்பாவைப் பற்றியது இல்லை. கேட்பவர் இதை யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை, இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் முகத்தில் ஒரு மரியாதைச் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிடும், கடைசி வரிக்கு அந்தச் சிரிப்பு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

இன்னொரு அடையாளம், பழைய இடத்துச் சாமான் கதையில் ஒட்டிக்கொண்டே வருவது. 31 வருஷம் பஸ்ஸில் ஓடிய மனிதர் எதற்காக வைகையில் இறங்கி நடக்கிறார்? ஆறு கதையோடு வந்த ஆறு, அவருடைய ஆறு இல்லை. வாட்ஸப்பில் வந்த ஜோக்கா என்று பார்க்க வேண்டுமானால் முதல் வரியைத் தேடாதீர்கள், கடைசி வரியில் உள்ள நாலைந்து சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ஊரும் பெயரும் ஆளுக்கு ஆள் மாறும், கடைசி வரி பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நீங்கள் எடுத்த கதையே அதற்குச் சாட்சி. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியதில் குருவும் ஐந்து சீடர்களுமாக ஆறு பேர். இங்கிலாந்தில் கோத்தம் ஊர் முட்டாள்களைப் பற்றி இதே கதை 12 பேரோடு உண்டு, அவர்கள் மீன் பிடிக்கப் போய் ஓடையில் இறங்கியவர்கள். எண்ணிக்கை மாறியது, ஊர் மாறியது, தண்ணீரும் தன்னை எண்ணாமல் விடுவதும் மாறவில்லை.

பட்டிமன்றப் பிரியன்

அப்படியானால் வீரமாமுனிவரே ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்ததுதானே? இத்தாலியில் பிறந்தவர். கடன் வாங்கிய கதையை நாம் 'நம்ம கதை' என்று கொண்டாடவில்லையா?

கதைக்கயிறு

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது அண்ணே. 14ஆம் நூற்றாண்டு வித்யாரண்யரின் வேதாந்த நூலான பஞ்சதசியில் 10 பேர் ஆற்றைக் கடந்து, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு, பத்தாவது ஆள் செத்துவிட்டான் என்று அழுவது இருக்கிறது. அங்கே அது சிரிப்புக்கு வந்ததில்லை, தன்னையே தேடுகிறவனுக்குத் 'தேடுகிற ஆளே நீதான்' என்று காட்ட வருகிறது. வீரமாமுனிவர் இங்கே வருவதற்கு முன்பே கதை இங்கே இருந்தது, அவர் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் வெறும் பெயரை மாற்றவில்லை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து பேரைக் குருவோடு நிறுத்தி, ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிற பயத்தை முன்னால் வைத்தார். அந்தப் பயம் இருப்பதால்தான் கரையேறியதும் எண்ணுகிறார்கள். தண்ணீரின் வேலை அதுதான். தண்ணீரை எடுத்தால், ஏன் எண்ணுகிறார் என்பதற்கு வேறு காரணம் தர வேண்டும்.

கோமதி டீச்சர்

யார் எழுதியது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் திருட்டு ஆகாதே, அசோக். எங்கள் பள்ளி ஆண்டு மலருக்குப் பிள்ளைகள் தரும் ஜோக்குகளுக்கு நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

அசோக் (திண்டுக்கல்)

நான் கேட்டது அனுமதி பற்றி இல்லை டீச்சர், பழைய வாடை அடிக்காமல் சொல்வதைப் பற்றி.

கோமதி டீச்சர்

சரி, புரிந்தது. அப்படியானால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். அப்பாவின் 80வது பிறந்தநாளில், அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார் என்று சொன்னேன். நான் முடிப்பதற்குள் பெரியப்பா மகன் கடைசி வரியைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏனென்றால் அப்பா ஒருநாளும் நெற்றியில் ஏற்றியவர் இல்லை. அவர் கண்ணாடியைப் பஞ்சாங்கத்துக்குள் அடையாளமாக வைத்து மூடிவிடுவார். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் எப்போதும் நடுவில் உப்பியே இருக்கும், கண்ணாடி காணோம் என்றால் முதலில் அதைத்தான் திறப்போம். அதைச் சொல்லியிருந்தால் அவனால் முந்தியிருக்க முடியாது. அதனால் சொல்கிறேன், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

டெப்போ முருகேசன்

நானும் கண்டக்டர்தான், 26 வருஷம். ஒரு விஷயம் சொல்கிறேன், உதவுமா பாருங்கள். நாங்கள் ஆள் எண்ணும்போது பின்சீட்டிலிருந்து முன்னால் வருவோம், உட்கார்ந்திருப்பவர்களை வரிசை வரிசையாக, அப்புறம் நிற்பவர்கள். டிரைவரையும் என்னையும் எண்ணுவதே இல்லை, எங்களுக்கு டிக்கெட் கிடையாதே. செக்கிங் ஏறினால் ஆளும் டிக்கெட்டும் ஒத்துப்போக வேண்டும், அதனால் அது கையோடு வந்துவிட்ட பழக்கம். கல்யாண வீட்டில் பந்திக்கு இலை எண்ணச் சொன்னாலும் எனக்கு ஒரு இலை குறைத்துத்தான் சொல்வேன்.

கதைக்கயிறு

அசோக், உங்களுக்கு வேண்டியது இதோ வந்துவிட்டது. சீடன் தன்னை விட்டது முட்டாள்தனத்தால், கண்டக்டர் தன்னை விடுவது வேலைப் பழக்கத்தால். சொந்த விவரம் ஓரத்தில் அலங்காரமாகத் தொங்கக் கூடாது, ஜோக் எந்த இடத்தில் திரும்புகிறதோ அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். இந்த விவரம் அங்கே உட்கார்கிறது. சித்தப்பா எப்போதாவது வீட்டு ஆட்களை எண்ணியிருக்கிறாரா?

அசோக் (திண்டுக்கல்)

எப்போதுமே! திருச்செந்தூருக்கு வேனில் 14 பேர் போனோம். எட்டயபுரத்தில் டீ குடித்துவிட்டு ஏறியதும் படியில் நின்று பின்சீட்டிலிருந்து எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது, வண்டியை எடுக்க விடவில்லை. ஆனால் அன்றைக்கு நிஜமாகவே தம்பி கழிவறையில் இருந்தான்.

கதைக்கயிறு

நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்:

"எங்கள் குடும்பம் எங்கே கிளம்பினாலும் சித்தப்பா படியில் நின்று பின்சீட்டிலிருந்து எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்க விடுவார். திருச்செந்தூர் போனபோது எட்டயபுரத்தில் டீ குடித்துவிட்டு ஏறினோம். வரும்போது பதினாலு பேர். எண்ணினார், பதின்மூன்று. மறுபடி எண்ணினார், பதின்மூன்று. டீக்கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து படியில் நின்றார். சித்தி உள்ளேயிருந்து சொன்னார்: 'படியில் நிற்கிற ஆளை உள்ளே ஏறச் சொல்லுங்கள், கணக்குச் சரியாகிவிடும்.'"

ஆறு போய் டீக்கடை வந்துவிட்டது, யாரையாவது விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்ற பயம் எண்ணுவதற்குக் காரணமாகிறது. பழைய கதையில் வழிப்போக்கன் தடியால் ஒவ்வொருவராக அடித்து எண்ணிக் காட்டுவான், அவன் இடத்தில் சித்தி. பெரியவர்கள் 'பதின்மூன்று' என்றதுமே பழைய கதையைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அங்கே தேங்காதீர்கள், மூன்றாவது முறை எண்ண வைக்காதீர்கள். விடை அவர்களுக்குத் தெரியும், சித்தி எந்த வார்த்தையில் சொல்வார் என்பது தெரியாது. சித்தப்பா 31 வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை அவருக்கே திரும்பி வருகிறது.

பட்டிமன்றப் பிரியன்

இது நன்றாகவே இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பரமார்த்த குரு பெயரை முதலில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதைக்கயிறு

சொன்னால் முடிவையும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறீர்கள் அண்ணே. சித்தப்பாவை மட்டியோடும் மடையனோடும் ஒரே வரிசையில் நிறுத்துவதாகவும் ஆகிவிடும்.

டெப்போ முருகேசன்

டெப்போ ஆட்கள் விழாவுக்கு வருவார்கள்தானே? எண்ணிக்கை குறைந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மறந்தும் கூடியது என்று மாற்றிவிடாதீர்கள். ஆள் குறைந்தால் எங்களுக்கு ஒன்றுமில்லை. டிக்கெட்டைவிட ஆள் கூடினால்தான் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், அது எங்களுக்குச் சிரிப்பு இல்லை.

கோமதி டீச்சர்

எனக்கு மனசு ஒப்பவில்லை. சித்தி அப்படிச் சொல்லவே இல்லையே! அந்த வேனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தம்பி கழிவறையில் இருந்ததையே சொல்லிவிட்டு, "சித்தப்பா எங்களை எண்ணாமல் வண்டி எடுத்ததே இல்லை, தன்னை மட்டும் எண்ணியதே இல்லை" என்று முடியுங்கள். ஒரு சொல்கூடப் பொய் இருக்காது.

கதைக்கயிறு

நடந்தது அதுதான், மறுக்கவில்லை டீச்சர். ஆனால் அதைக் கேட்டால் கண் கலங்கும், சிரிப்பு வராது. அசோக் சிரிக்க வைக்க நினைக்கிறார். சித்தியிடம் முதலில் கேட்டுவிட்டுச் சொன்னால் அதில் வஞ்சனை இல்லை என்பது என் எண்ணம்.

அசோக் (திண்டுக்கல்)

சித்தியிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொல்லியிருப்பேன்" என்றார்.

கோமதி டீச்சர்

சொல்லியிருப்பேன் என்பதும் சொன்னேன் என்பதும் ஒன்றாகிவிடாது, அசோக்.

அசோக் (திண்டுக்கல்)

அதையும் யோசித்தேன் டீச்சர். தம்பி இருந்த இடத்தை மறைக்காமல் சொல்லி, அவன் வந்து ஏறிய பிறகும் சித்தப்பா மறுபடி எண்ணினார் என்று கொண்டுபோகிறேன், அவர் மறுபடி எண்ணியது நிஜம். கடைசி வரியை நான் சொல்லாமல், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற சித்தியையே சொல்லச் சொன்னால் எப்படி?

கதைக்கயிறு

சொல்லட்டும். அன்றைக்குச் சித்தப்பா படியிலிருந்து எவ்வளவு எண்ணினாரோ அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நீங்கள் நிறுத்திவிடுங்கள், ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். சித்திக்கு மைக் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கட்டும்.