மழை மாசத்துல காயாத துணி, நிக்காத அரிப்பு: உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

மலைச்சாரல் (பொகவந்தலாவ)

எங்க அக்கா கொழுந்து எடுக்கப் போறவங்க. வயசு நாப்பதைத் தாண்டிருச்சு. வயசுக்கு வந்த நாள்ல இருந்து பழைய சேலைத் துணிதான் வைக்கிறாங்க. வைகாசி கடைசியில மழை பிடிச்சா எங்க பக்கம் ஆவணி வரைக்கும் வெயில் எட்டிப் பார்க்கிறதே அபூர்வம். துணியைப் பீலியில அலசி, லயத்துக்குப் பின்னாடி கொடியில பாவாடைக்கு அடியில மறைச்சுப் போடுவாங்க. யாரும் பார்த்திரக் கூடாதுன்னு முழுசா காயறதுக்குள்ள சுருட்டி தகரப் பெட்டிக்குள்ள வச்சிருவாங்க. அடுத்த மாசம் எடுத்தா பூஞ்சணம் பிடிச்ச வாடை.

இப்ப கொஞ்ச காலமா அவங்களுக்கு அரிப்பு. மாசம் முடிஞ்சும் நிக்கல. தூக்கம் கெட்டு அழுறாங்க. நான் கண்டியில வேலை செய்யிற இடத்துல, துணிக்குப் பதிலா உள்ள வைக்கிற கப் ஒண்ணு வாங்கிக் கொண்டு வந்தேன், தொடவே பயப்படுறாங்க. டேம்பன் வச்சா உயிருக்கே ஆபத்தான காய்ச்சல் வரும்னு கூட வேலை செய்யிற பிள்ளை சொல்லுது. துணியாலதான் இந்த அரிப்பா? எதுக்கு மாறலாம்? பட்டவங்க சொல்லுங்க.

பீலிக்கரை (மஸ்கெலியா)

துணியில குத்தமே இல்ல தங்கச்சி, ஈரத்துலதான் குத்தம். எங்க அம்மா கடைசி வரைக்கும் துணிதான், ஒரு நோயும் வந்தது கிடையாது. கொதிக்கிற தண்ணியில டெட்டோல் ஊத்தி துணியை ஊறப் போடுவாங்க. அதே மாதிரி வெதுவெதுப்பான தண்ணியில நாலு சொட்டு விட்டு உள்ளயும் கழுவச் சொல்லுவாங்க. அக்காவை அப்படிச் செய்யச் சொல்லுங்க, அரிப்பு ஓடிரும். கப்பு மட்டும் வேணாம், கர்ப்பப்பைக்குள்ள ஏறிக்கிட்டா அப்புறம் யார் எடுக்கிறது?

பழைய மிஸ் (பதுளை)

குடும்பநல மாதுவா தோட்டங்கள்ல சுத்தி ஓய்வு பெற்றவ நான். பீலிக்கரை ஈரத்தைப் பத்திச் சொன்னது ரொம்பச் சரி. ஆனா உள்ள டெட்டோல் போடுறதை தயவு செஞ்சு நிறுத்துங்க. அங்க நல்ல கிருமிகள் இருந்து புளிப்புத் தன்மையைக் காப்பாத்துது. மருந்துத் தண்ணி அதையும் கொன்னுரும், தோலும் எரியும், அரிப்பு கூடும். வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணி போதும். கப்பும் மேல ஏறாது. கர்ப்பப்பை வாய் ஒரு பென்சில் முனை அளவுகூட திறந்திருக்காது.

மலைச்சாரல், அக்காகிட்ட மூணு விஷயம் கேளுங்க. அரிப்பு தொடை இடுக்கிலயா, உள்ளயா? வெள்ளை படுதுன்னா தயிர்த் திப்பி மாதிரியா, தண்ணியா சாம்பல் நிறத்துலயா, மஞ்சப்பச்சையா? மீன் கவிச்சி அடிக்குதா? இடுக்கில மட்டும்னா ஈரத் துணியும் இடுப்புல கட்டுற நனைஞ்ச படங்கும் உரசி வந்த புண்ணா இருக்கும். தயிர் மாதிரின்னா பூஞ்சை. கவிச்சி வாடையும் மஞ்சப்பச்சையும் வேற வேற தொற்று, அதுக்கு மாத்திரையும் வேற. அதனால கடையில களிம்பு வாங்கித் தேய்ச்சுப் பார்க்காம கிளினிக்ல காட்டணும்.

இப்ப துணியைப் பத்தி. முதல் அலசல் பச்சைத் தண்ணியிலதான். கொதி தண்ணி பட்டா இரத்தம் நூல்ல உறைஞ்சு ஒட்டிக்கும், பிறகு எவ்வளவு தேய்ச்சாலும் அடியில தங்கும். இரத்தம் போன பிறகு சவுக்காரம் போட்டுக் கசக்கி, நுரை துளிகூட வராம போற வரைக்கும் அலசணும். தங்கின சவுக்காரமும் அரிப்புத் தரும். அதுக்கப்புறம் வேணும்னா கொதிக்க வைக்கலாம்.

காயறதுலதான் மழைநாட்டுக்காரங்க தோத்துப் போறோம். தைச்ச கனமான பேட் வெளியே காஞ்ச மாதிரி இருக்கும், நடுத் தையல் ஈரமாவே இருக்கும். கன்னத்துல வச்சுப் பாருங்க, சில்லுன்னு பட்டா காயலன்னு அர்த்தம். எங்க பக்கம் ஆடியில காத்து அடிக்கும், காஞ்சிரும். உங்க பக்கம் மழை. அதனால உங்களுக்குத் தைக்காத துணிதான் நல்லது. பருத்தித் துணியை ஒரு கை அகலத்துக்கு நீளமா வெட்டி மடிச்சு வைக்கலாம். துவைச்ச பிறகு பிரிச்சு ஒத்தைப் படையா விரிச்சா தாழ்வாரத்துக் காத்துலயே ஈரம் இறங்கும். மீதியை இஸ்திரிப் பெட்டியால ரெண்டு பக்கமும் ஆவி வர்றது நிக்கிற வரைக்கும் தேய்க்கணும். அடுப்புக்கு மேல புகையில தொங்கப் போடாதீங்க, கரி படியும். வைக்கிறதும் தகரப் பெட்டியில வேணாம், சுத்தமான துணிப் பையில வைங்க.

இந்தியாவுல ஒடிசாவுல பெண்கள்கிட்ட செஞ்ச ஆய்வு ஒண்ணு 2018ல வந்துச்சு. வீட்டுக்குள்ளயே காய வைக்கிறவங்களுக்கும் கழிவறையில ஒளிச்சு வைக்கிறவங்களுக்கும் பூஞ்சைத் தொற்று கூடுதலா இருந்துச்சாம். அதுதான் ஒரே காரணம்னு அதை வச்சுச் சொல்லிர முடியாது. ஆனா நான் லயத்துல பார்த்ததோட ஒத்துப் போகுது.

ரெண்டு பிள்ளைக்காரி (தலவாக்கலை)

நான் கேட்கிறது கொஞ்சம் வேற. எனக்குக் கருத்தடைக்கு லூப் போட்டிருக்கு. நாத்தனார் கப் வாங்கித் தந்தா, ரெண்டு மாசம் வச்சேன். மூணாவது மாசம் இழுத்தப்போ சுருக்குன்னு வலிச்சுது, கிளினிக்ல பார்த்தா லூப் கீழ இறங்கி வந்திருக்கு. தொற்று வருமோன்னு பயந்துட்டேன். தொற்று இல்லையாம், ஆனா லூப்பை எடுத்துட்டு புதுசு போட்டாங்க. கப்பாலதான் வந்துச்சான்னு டாக்டரும் உறுதியாச் சொல்லல.

பழைய மிஸ் (பதுளை)

கப் உள்ள காத்து பிடிச்ச மாதிரி உறிஞ்சிக்கிட்டு நிக்கும். அப்படியே இழுத்தா லூப் நூலும் சேர்ந்து வர வாய்ப்பு இருக்கு. அடியில விரலால அழுத்தி காத்தை விட்ட பிறகுதான் எடுக்கணும். லூப் உள்ளவங்க கப் தொடங்குறதுக்கு முன்னாடி போட்டவங்ககிட்டயே கேட்கணும், நூலைக் கட்டையா வெட்டித் தரவும் செய்வாங்க. மலைச்சாரல், உங்க அக்காவுக்கு லூப் இருக்கான்னும் கேளுங்க.

பனிமூட்டம் (நுவரெலியா)

நான் மூணு வருசமா கப்தான். எங்க வீட்டுல மாமியார் சமையல் சட்டியைத் தரமாட்டாங்க, அதனால பால்மா டின் ஒண்ணை அதுக்குன்னே வச்சிருக்கேன். குளிக்கத் தண்ணி காய்ச்சும்போது அடுப்போரத்துல டின்னை வச்சிருவேன். கப் அடியில பட்டா கருகிரும்னு ஒரு பழைய டீ வடியில போட்டுத் தொங்க விடுவேன்.

ஒரு சந்தேகம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இங்க தண்ணி 94 பாகை அளவுலயே கொதிச்சிரும். எங்க விஞ்ஞான டீச்சர் அப்ப கிருமி சாகாது, அரை மணி நேரம் கொதிக்க வைன்னாங்க. சரியா?

பழைய மிஸ் (பதுளை)

94 பாகை போதும் மகள். நாம பயப்படுற கிருமிகள் அந்தச் சூட்டுல செத்திரும். முழுசா முங்கி, குமிழ் பொங்க ஆரம்பிச்சதுல இருந்து 5 நிமிசம். மனசுக்கு வேணும்னா 10 நிமிசம். அரை மணி நேரம் வேணாம், விறகுதான் வீண். ஒவ்வொரு மாசமும் தொடங்கும்போதும் முடிஞ்ச பிறகும் கொதிக்க வைங்க. நடுவுல எடுக்கும்போது கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, குடிக்கிற தண்ணியில கப்பை அலசி வைங்க. மழைக்குப் பீலித் தண்ணி கலங்கி வந்தா அதைத் தொடாதீங்க, ஆறின தண்ணி ஒரு போத்தல் வச்சுக்கங்க.

காற்றாடி (பண்டாரவளை)

டேம்பன் காய்ச்சல் பத்தி நான் சொல்றேன். கொழும்புல நீச்சல் பழகினப்போ டேம்பன் பாவிச்சேன். ஒரு மாசம் மூணாவது நாள் திடீர்னு 39 பாகை காய்ச்சல், வாந்தி, எழுந்தா தலை சுத்தல். டெங்குன்னு நினைச்சு வீட்டுலயே படுத்திருந்தேன். அக்கா ஒருத்தங்கதான் "உள்ள இருக்கிறதை முதல்ல எடு, ஆஸ்பத்திரியில வாயைத் திறந்து சொல்லு"ன்னு விரட்டினாங்க. டாக்டர்கிட்ட சொல்ல ரொம்ப வெட்கமா இருந்துச்சு, ஆனா அவர் உடனே வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சார். இரத்தப் பரிசோதனையில டெங்குதான் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் டேம்பன் எடுக்கல.

பழைய மிஸ் (பதுளை)

சொன்னதுதான் முக்கியம். நம்ம நாட்டுல காய்ச்சல்னா டெங்கு, எலிக்காய்ச்சல்னுதான் முதல்ல போகும். மாசத்துல இருக்கிறவ உள்ள டேம்பனோ கப்போ வச்சிருக்கான்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்? திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், வெயில்ல சுட்ட மாதிரி உடம்பெல்லாம் சிவப்பு, மயக்கம் வந்தா உள்ள இருக்கிறதை எடுத்துட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். வாகனம் இல்லன்னா 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசம். இது ஒரு கிருமியோட நஞ்சு, விடியட்டும்னு இருக்கக் கூடாது.

ஆனா இது ரொம்ப அபூர்வம். டேம்பனை 8 மணி நேரத்துக்கு மேல வைக்காம, தேவைக்கு மேல உறிஞ்சுற பெரிய அளவை வாங்காம இருந்தா பயம் குறையும். கப்பு போட்டவங்கள்லயும் வந்திருக்கு. உலகத்து ஆய்வுகளைச் சேர்த்து 2019ல வந்த தொகுப்புல அஞ்சு பேர் கணக்கு இருந்துச்சு. மொத்தம் எத்தனை பேர் பாவிக்கிறாங்கன்னு தெரியாததால டேம்பனோட ஒப்பிட முடியல.

பனிமூட்டம் (நுவரெலியா)

எங்க கப் பெட்டியில 12 மணி நேரம்னு இருக்கு மிஸ். பிரான்ஸ்ல 6 மணி நேரம்னு சொல்லியிருக்காங்கன்னு படிச்சேன். நான் ராத்திரி வச்சா காலையிலதான் எடுக்கிறேன். எதைக் கேட்கிறது?

பழைய மிஸ் (பதுளை)

எனக்கும் அதுல திட்டமா ஒரு எண் சொல்ல முடியல மகள். பகல்ல 6 முதல் 8க்குள்ள எடுத்திருங்க. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க, ஆனா எழுந்ததும் முதல் வேலை அதுதான். 12 தாண்டவே கூடாது.

மலைச்சாரல் (பொகவந்தலாவ)

எல்லாருக்கும் நன்றி. அக்காவை எம்.ஓ.எச். ஒபிஸ்ல பெண்கள் கிளினிக் நாள்ல கூட்டிக்கிட்டுப் போனேன். அரிப்பு உள்ளதான், தயிர்த் திப்பி மாதிரி. லூப் இல்ல. பூஞ்சைன்னு சொல்லி உள்ள வைக்கிற குளிசை தந்தாங்க. நாலு நாள்ல தூங்க ஆரம்பிச்சுட்டாங்க. சீனி பார்க்கச் சொன்னாங்க, வெறும் வயித்துல கூடுதலா இருக்கு. மறுபடி எடுக்கணும்.

அப்ப துணியைப் பழி சொன்னது தப்பா மிஸ்?

பழைய மிஸ் (பதுளை)

தப்பில்ல. சீனி கூடினவங்களுக்குப் பூஞ்சை லேசுல வரும், ஈரத் துணி அதுக்கு இடம் குடுக்கும். எது முந்திச்சுன்னு இப்ப பிரிச்சுச் சொல்ல முடியாது. சீனியைக் கட்டுப்படுத்தலைன்னா துணி எவ்வளவு காஞ்சாலும் திரும்ப வரும், அதை விடாதீங்க. பழைய துணியை எல்லாம் கழிச்சுட்டு புதுசு வெட்டுங்க.

மலைச்சாரல் (பொகவந்தலாவ)

வெட்டியாச்சு. கப் வேணாம்னுட்டாங்க, அவங்க விருப்பம். இப்ப ஒரே சிக்கல் மலையில மாத்துறது. காலையில போனா மத்தியானம் கொழுந்து நிறுத்துட்டு வர்ற வரைக்கும் ஒரு மறைப்பும் கிடையாது. காஞ்ச துணியை ஒரு பொலித்தீன் பையிலயும், கழட்டினதைப் போட வேற பையையும் படங்குக்குள்ள சொருகிக் குடுத்து விடுறேன். ஆனா எங்க ஒதுங்குறதுன்னு தெரியல. மேல் பிரிவுப் பொம்பளைங்க என்ன செய்யிறீங்க?

பீலிக்கரை (மஸ்கெலியா)

எங்க மலையில ரெண்டு பேர் படங்கைப் பிடிச்சு மறைப்போம், ஒருத்தி மாத்துவா. கங்காணி கிட்ட வராம இன்னொருத்தி பார்த்துக்குவா. பெரிய மழைன்னா அதுவும் முடியாது. மலையில கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி ஒபிஸ்ல கேட்டிருக்கோம், இன்னும் பதில் வரல.