பி.ஐ.பி லெட்டரை டீம்ல இருக்கும் அக்காவுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது?

அம்பத்தூர் லீட்:
மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் சார்ஜ் என்ட்ரி டீமுக்கு லீடாக இருக்கிறேன். டீமில் ஒரு அக்கா, என்னைவிட ஒன்பது வயது பெரியவர். நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அவர்தான். சாஃப்ட்வேர் மாறியதிலிருந்து அவருக்கு எண்ணிக்கையும் குவாலிட்டியும் இறங்கிவிட்டன. எச்.ஆர் பி.ஐ.பி, அதாவது கெடு வைத்து வேலையைச் சரிசெய்யச் சொல்லும் பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான், லெட்டர் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று பக்கம், எல்லாம் இங்கிலீஷ். திங்கட்கிழமை பிப்ரவரி 2-ல் நான்தான் விளக்க வேண்டும்.

60 நாள். குவாலிட்டி 95 சதவீதம், தினம் 110 இன்சூரன்ஸ் கிளெய்ம். இப்போது அவர் 88 சதவீதத்திலும் 85 கிளெய்மிலும் இருக்கிறார். ரிவ்யூ பிப்ரவரி 13, 27, மார்ச் 13, 27, கடைசியாக ஏப்ரல் 2.

"உங்களை இம்ப்ரூவ் பண்ண ஒரு பிளான்க்கா" என்று ஆரம்பித்தால் ஏதோ டிரெயினிங் என்று நினைத்துக்கொள்வார். நேராகச் சொன்னால் அழுதுவிடுவார். எப்படிச் சொல்வது?

கோவை மச்சான்:
ப்ரோ, பி.ஐ.பி வந்துட்டாலே கதை முடிஞ்சது. ரெஸ்யூமை தூசி தட்டு, இன்னைக்கே நாலு இடத்துல போடு.

அம்பத்தூர் லீட்:
எனக்கில்லை நண்பா, நான் கொடுக்கிற ஆள்.

கோவை மச்சான்:
அடடா. அப்போ அந்த அக்காகிட்ட சொல்லுங்க.

ராத்திரி ஷிப்ட்:
முதல் வேலையா அவங்களைக் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க. போட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி.

பழைய எச்.ஆர்:
அது பாதிதான் சரி. பெரும்பாலான லெட்டர்களில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருக்கும், "பெற்றுக்கொண்டேன்" என்கிற மாதிரி. அப்படி இருந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டதற்கு மட்டும்தான். "ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்தால் அவர் தன் கருத்தைப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போடலாம், தமிழிலேயே எழுதலாம். போடாமல் விட்டால் பி.ஐ.பி நின்றுவிடாது. "கொடுத்தோம், வாங்க மறுத்தார்" என்று எழுதி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

லீட் தம்பிக்கு: சதவீதத்தைச் சொல்லாதீர்கள், தப்பின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். உங்கள் ஆடிட்டர் தினம் எத்தனை கிளெய்ம் எடுத்துப் பார்க்கிறார்?

அம்பத்தூர் லீட்:
ஒருவருக்குத் தினம் ஐந்து.

பழைய எச்.ஆர்:
அப்படியென்றால் பிப்ரவரி 2 முதல் 13 வரை பத்து வேலை நாள், 50 கிளெய்ம். 88 சதவீதம் என்பது ஐம்பதில் ஆறு தப்பு. இரண்டு தப்பு வந்தால் 96, தேறிவிடுவார். மூன்று வந்தால் 94, தேறமாட்டார். "அக்கா, ரெண்டு வாரத்துல ஆறு தப்பு வருது, அது ரெண்டுக்குள்ள வரணும்" என்றால் யாருக்கும் புரியும்.

கூடவே ஒன்று சொல்லிவிடுங்கள். தினமும் வரும் ஷீட்டில் ஐந்தில் ஒரு தப்பு இருந்தால் அன்றைக்கு 80 என்று சிவப்பில் காட்டும். அதைப் பார்த்து அவர் இடிந்து போகக்கூடாது. கணக்கு இரண்டு வாரத்துக்குச் சேர்த்துத்தான் என்று நீங்களும் எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தினக் கணக்கு என்றால் 95 என்பது ஒரு தப்புகூட வரக்கூடாது என்று அர்த்தமாகிவிடும். அந்த டார்கெட்டை ஆடிட்டரே எட்டமாட்டார்.

ஆடிட்டர் பொண்ணு:
கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன் 😄

அந்த ஆறு தப்பும் என்னென்ன என்று பார்த்தீர்களா? அது தெரியாமல் "குவாலிட்டி ஏத்துங்க" என்று சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அம்பத்தூர் லீட்:
இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். ஆறில் நாலு ஒரே தப்பு. நோயாளிக்கு இரண்டு இன்சூரன்ஸ் இருந்தால் இரண்டாவதை முதலில் போட்டுவிடுகிறார். பழைய ஸ்கிரீனில் பிரைமரி மேலே இருந்தது, புதியதில் சேர்த்த தேதிப்படி வரிசை மாறி வருகிறது. கை பழக்கத்தில் மேலே இருப்பதை எடுத்துவிடுகிறார். ஒன்று 99213 என்ற டாக்டர் விசிட் கோடுக்கு மாடிஃபயர் 25 போடாமல் விட்டது. இன்னொன்று 03/04 என்ற தேதியை ஏப்ரல் 3 என்று படித்தது. அமெரிக்க முறையில் அது மார்ச் 4.

ஆடிட்டர் பொண்ணு:
அப்போ பாதி வேலை முடிந்தது. அந்த இன்சூரன்ஸ் தப்பு நின்றால் மிச்சம் இரண்டுதான், அதாவது 96. இதை அவரிடம் ஸ்கிரீனைத் திறந்து வைத்துக் காட்டுங்கள், லெட்டரை அப்புறம் எடுங்கள்.

பழைய எச்.ஆர்:
லெட்டரை அப்புறம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அரைமணி நேரம் ஸ்கிரீன் காட்டிவிட்டுக் கடைசியில் லெட்டரை நீட்டினால் ஏமாற்றியது போல இருக்கும். நான் சொல்வதாக இருந்தால் இப்படி: "அக்கா, இது டிரெயினிங் லெட்டர் இல்லை. வேலை சம்பந்தமா கம்பெனி எழுத்துல கொடுக்கிற கெடு. ஏப்ரல் 2 வரைக்கும் டைம். அதுக்குள்ள ரெண்டு விஷயம் சரியாகணும். ஆகலைன்னா வேலை போகவும் வாய்ப்பிருக்கு, மறைக்கலை. என்ன சரியாகணும்னு இப்ப காட்டுறேன்." அப்புறம் ஸ்கிரீன்.

110-ஐயும் அப்படியே சொல்லாதீர்கள். இடைவேளை போக ஏழு மணி நேரம் என்றால் இப்போது ஒரு கிளெய்முக்கு ஐந்து நிமிடம் எடுக்கிறார், நாலு நிமிடத்துக்கும் கொஞ்சம் கீழே வரவேண்டும். அதை முதல் நாளே கேட்டால் வேகத்தில் தப்பு கூடும். பிப்ரவரி 13-க்கு 90, 27-க்கு 97, மார்ச் 13-க்கு 104, 27-லிருந்து 110 என்று படி வைத்துத் தரச் சொல்லி எச்.ஆரிடம் கேளுங்கள்.

திருச்சி அண்ணன்:
எனக்கு 2019-ல் வேறு கம்பெனியில் பி.ஐ.பி போட்டார்கள். ரிவ்யூ தேதி நாலு எழுதியிருந்தார்கள், நடந்தது ஒன்றுதான். மேனேஜர் "பிஸி" என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசி நாள் கூப்பிட்டு "முன்னேற்றம் இல்லை" என்றார். எதில் இல்லை என்று கேட்டேன், பதில் இல்லை. தம்பி, அந்த ஐந்து தேதியையும் இப்போதே காலண்டரில் போட்டு அந்த அக்காவுக்கும் அனுப்பிவிடு. ஒவ்வொரு முறையும் பேசியதை நாலு வரி மெயில் போடு.

ராத்திரி ஷிப்ட்:
60 நாள்னா வேலை நாள்தானே? அப்போ மூணு மாசம் வரும்.

பழைய எச்.ஆர்:
ஏப்ரல் 2 என்று முடிவுத் தேதி போட்டிருக்கிறதே, அப்போது காலண்டர் நாள்தான். சனி ஞாயிறு போனால் 44 வேலை நாள். "ரெண்டு மாசம்" என்று சொல்லாமல் அந்த 44-ஐச் சொல்லுங்கள். இடையில் லீவ் எடுத்தால் நாள் நீளுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் வேலையை விட்டு எடுத்தாலும் அன்றே வெறுங்கையோடு வெளியே போ என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 41-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை எடுக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தரவேண்டும்.

கோவை மச்சான்:
எல்லாம் சரி, எச்.ஆர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு இந்த லெட்டரைக் கொடுத்திருந்தா?

பழைய எச்.ஆர்:
அப்படியும் நடக்கிறது. வெளியிலிருந்து சொல்ல முடியாது. படி வைத்துக் கேட்டதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

அம்பத்தூர் லீட்:
திங்கள் சாயங்காலம். சொல்லிவிட்டேன். அழவில்லை. லெட்டரை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்கிரீனில் அந்த இன்சூரன்ஸ் வரிசையைக் காட்டியதும், "இது மாறினதை யாருமே சொல்லலையே தம்பி" என்றார். உண்மைதான், ஆரம்பத்தில் நடந்த டிரெயினிங் அன்றைக்கு அவர் லீவில் இருந்திருக்கிறார், நானும் கவனிக்கவில்லை. இனி பிரைமரி என்ற எழுத்தைப் பார்த்த பிறகுதான் கிளிக் செய்வது என்று ஒரு ஸ்டிக்கி நோட் ஒட்டியிருக்கிறார்.

படி வைப்பதற்கு எச்.ஆர் பாதி ஒத்துக்கொண்டது: முதல் ரிவ்யூவுக்கு 95, அதற்கப்புறம் 110. லீவ் விஷயம் இன்னும் பதில் வரவில்லை. அக்கா கேட்டதில் ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆடிட்டர் தப்பு என்று போட்டது தப்பில்லை என்றால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளுக்குள்?

ஆடிட்டர் பொண்ணு:
எங்கள் இடத்தில் 48 மணி நேரத்துக்குள் லீட் மூலமாக மெயில் போடவேண்டும். உங்கள் லெட்டரில் அது இல்லையென்றால் 13-ஆம் தேதிக்கு முன்னால் எழுதி வாங்குங்கள். ஐம்பதில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறவருக்கு அந்த ஒரு தப்புதான் எல்லாம்.