சீனியா, சர்க்கரையா: ரொறன்ரோ வாசகருக்கு எந்தத் தமிழ்?

கோவை மொழிபெயர்ப்பாளர்:
நீரிழிவு உள்ளவர்களுக்கான உணவுக் கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறேன். படிக்கப்போகிறவர்கள் ரொறன்ரோவில் உள்ள தமிழர்கள். பெரும்பாலும் இலங்கையிலிருந்து போன முதியவர்கள். மாத்திரை, சர்க்கரை, பிரெட் என்று எழுதினால் போதுமா, இலங்கைச் சொற்களைத்தான் போட வேண்டுமா?

மதுரை வாசகன்:
போதும். மருத்துவமனை என்று எழுதினால் யாழ்ப்பாணத்துக்காரருக்குப் புரியாமலா போகும்? அவர்கள் வைத்தியசாலை என்பார்கள், அவ்வளவுதான். நம் சினிமாவும் தொடர்களும் அவர்கள் வீட்டிலும் ஓடுகின்றன. நாட்டுக்கொரு தமிழ் என்று பிரித்துக்கொண்டே போனால் எழுத்துத் தமிழுக்கு இருக்கும் பொதுத்தன்மை போய்விடும்.

ஸ்காபரோ தாதி:
ஐயா சொல்லுறதில பாதி சரி. மருத்துவமனை, மாத்திரை ரெண்டும் எங்கட ஆக்களுக்கு விளங்கும். மாத்திரைக்குக் குளிசை எண்டு போட்டால் வாசிக்கச் சுகமாக இருக்கும். போடாவிட்டாலும் ஒருத்தருக்கும் கெடுதி வராது. விளங்காத சொல்லுக்கு நான் பயப்பிடேல்லை. விளங்காட்டி யாரையாவது கேட்பினம். பிழையாக விளங்குற சொல்தான் ஆபத்து, ஏனெண்டால் அதை ஒருத்தரும் திருப்பிக் கேட்கமாட்டினம்.

சர்க்கரையை எடுங்கோ. எங்களுக்கு வெள்ளையாக இருக்கிறது சீனி. சர்க்கரை எண்டால் பொங்கலுக்குப் போடுற மண்ணிறச் சாமான். "தேநீரில் சர்க்கரை சேர்க்காதீர்கள்" எண்டு எழுதின தாளைக் கையில வைச்சுக்கொண்டு ஒரு அம்மா என்னட்டைச் சொன்னா, "பிள்ளை, நான் சர்க்கரை போடுறதே இல்லை, சீனி மட்டும்தான்." சீனியை விட்ட கனபேர் வெறுந்தேத்தண்ணியோட பனங்கட்டி கடிக்கினம். அது இயற்கையானது, ஒண்டும் செய்யாது எண்டு நினைப்பு. பனங்கட்டியும் குருதியில சீனியை ஏத்தும். அந்தப் பெயர் கையேட்டில இல்லாவிட்டால் அவை அதைக் கணக்கில எடுக்கமாட்டினம்.

தஞ்சை ஆசிரியர்:
அச்சில் போகும் கையேட்டில் பேச்சு வழக்கு கூடாது. அதைத்தான் நான் எப்போதும் சொல்லி வருகிறேன்.

ஸ்காபரோ தாதி:
ஐயா, நான் இங்க எழுதுறதுதான் பேச்சு. சீனி அப்பிடியில்லை. நாங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில படிச்ச எழுத்துத் தமிழே அதுதான். மாவுச்சத்தைக் காபோவைதரேற்று எண்டு படிச்ச ஆக்கள் நாங்கள்.

சிங்கை நண்பர்:
இங்கே ரொட்டி என்றாலே பிரெட்தான். டாலரை வெள்ளி என்போம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர், "அஞ்சு வெள்ளி" என்றதும் ஐந்து வெள்ளிக்கிழமையா என்று கேட்டார்.

ஸ்காபரோ தாதி:
நல்லகாலம் ரொட்டியைச் சொன்னீங்கள். கோவைத் தம்பி, பிரெட்டை ரொட்டி எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. பிரெட்டை நாங்கள் பாண் எண்டுவம். கடையில வாங்குற ஒரு துண்டுப் பாணில ஏறக்குறைய 15 கிராம் மாச்சத்து இருக்கும். எங்கட வீட்டில ரொட்டி எண்டால் கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் குழைச்சுத் தட்டிச் சுடுறது. மொத்தமாகத் தட்டினால் ஒண்டிலேயே அதைப்போல ரெண்டு மடங்கு வரும். காலமையில ரெண்டு சாப்பிட்டிட்டு, தாளில சொன்ன அளவுதான் எண்டு நிம்மதியாக இருப்பினம்.

கோவை மொழிபெயர்ப்பாளர்:
நன்றி அக்கா. ஆனால் ஒரு சந்தேகம். நான் முடித்ததும் இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிடுவார். இந்தத் தவறு அங்கே பிடிபடாதா?

ஸ்காபரோ தாதி:
அவர் எந்த ஊர்? சென்னைக்காரர் எண்டால் சர்க்கரையைப் பார்த்து மூலத்தில இருந்த அதே சொல்லைத்தான் எழுதுவார். ரெண்டு தாளும் அச்சொட்டாகப் பொருந்தும், பிழை உள்ளேயே கிடக்கும். நீங்கள் சீனி, பாண், குளிசை எண்டு சரியாகப் போட்டாலும் அவர் சிவப்பு மையால வெட்டவும் கூடும். வேலைத்தாளில மொழி எப்பிடிக் குறிச்சிருக்கெண்டு முதல்ல பாருங்கோ. இந்தியத் தமிழுக்குரிய `ta-IN` எண்டு இருந்தால், அதை இலங்கைத் தமிழுக்குரிய `ta-LK` ஆக்கி, சரிபார்க்கவும் இலங்கையர் ஒருவரைப் போடச் சொல்லிக் கேளுங்கோ.

அதுக்குப் பிறகு வாசகர் வயதில உள்ள நாலைஞ்சு பேரை வாசிக்க வையுங்கோ. விளங்குதோ எண்டு கேட்காதேங்கோ, மரியாதைக்கு ஓம் எண்டுதான் சொல்லுவினம். "நாளைக்குக் காலமை தேத்தண்ணிக்கு என்ன போடுவீங்கள், எத்தினை துண்டு பாண் எடுப்பீங்கள்" எண்டு கேளுங்கோ.

மதுரை வாசகன்:
சர்க்கரை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரொறன்ரோவில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருக்கிறார்களே? பாண் என்றால் அவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த ஊரின் பெயரையே நாங்கள் டொராண்டோ என்றுதான் எழுதுவோம். ஒருவருக்காக எழுதி மற்றவரை விட்டுவிடலாமா?

கோவை மொழிபெயர்ப்பாளர்:
உணவுப் பெயர்களை மட்டும் "சீனி, சர்க்கரை, பனங்கட்டி, வெல்லம் எதுவும் வேண்டாம்" என்று சேர்த்தே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். பாணுக்குப் பக்கத்தில் ஒரு துண்டின் படம். மற்ற இடங்களில் இலங்கை வழக்கு.

மதுரை வாசகன்:
ஒவ்வொரு வரியும் இப்படி நீண்டால் முதியவர்கள் எங்கே படிக்கப்போகிறார்கள்? இரண்டு பதிப்பாகப் போடுவதே மேல்.

ஸ்காபரோ தாதி:
ரெண்டு பதிப்பெண்டால் வரவேற்பு மேசையில நிக்கிற பிள்ளைக்குத் தமிழ் தெரியவேணும், இல்லாட்டி எதை யாருக்குக் குடுக்கிறதெண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்? எங்கட இடத்தில அது சரிவரேல்லை. தம்பி சொன்னமாதிரி சீனிக்கும் பாணுக்கும் மட்டும் சேர்த்துப் போட்டால் ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரிதான் கூடும். வரைவை இங்க போடுங்கோ, பார்ப்பம்.