கலைச்சொல்: ஆர்டர் மதிப்புச் சரிபார்ப்பா, தடையா?

செல்வி: பங்கு வணிக மென்பொருள் ஒன்றின் திரைச்சொற்களைத் தமிழாக்குகிறேன். ஆர்டர் சந்தைக்குப் போகும் முன் அதன் விலையும் எண்ணிக்கையும் நம்பும்படி இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைக்கு, ஆங்கிலத்தில் 'sanity check' என்பதற்கு, ஒரு சொல் வேண்டும். 'தெளிவுச் சோதனை' என்று போட்டால் மருத்துவமனை வாடை அடிக்கிறது. 'ஆர்டர் மதிப்புச் சரிபார்ப்பு' போதுமா?

ராமநாதன்: தட்டச்சுத் தவறுக்கு ஆங்கில 'fat finger'-ஐ அப்படியே பெயர்த்துத் 'தடித்த விரல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'கைப்பிசகு' நம்மிடமே இருக்கிறது. மற்றபடி இதற்குப் புதுச்சொல் எதற்கு? ஒரு பங்கின் விலை ஒரே நாளில் எவ்வளவு ஏறலாம், இறங்கலாம் என்று சந்தை வைக்கும் சர்க்யூட் இருக்கிறது, 'விலை வரம்பு' என்றாலே போதும்.

மாலதி: கைப்பிசகு அருமை ஐயா. விலை வரம்பு பாதிதான் சரி. 2022 மே 2 அன்று லண்டனில் சிட்டி குழும வணிகர் ஒருவர் 5.8 கோடி டாலர் மதிப்புள்ள பங்குக் கூடையை, அதாவது பல நிறுவனப் பங்குகளின் தொகுப்பை, விற்க நினைத்தார். அந்த 5.8 கோடியை மதிப்புக்கான கட்டத்தில் போடாமல் எண்ணிக்கைக் கட்டத்தில் போட்டுவிட்டார். கூடை 44,400 கோடி டாலர் ஆகிவிட்டது. எந்தப் பங்கின் விலையும் தப்பில்லை, எண்ணிக்கைதான் தப்பு. விலையை மட்டும் பார்க்கும் சோதனை இதைக் கோட்டை விட்டிருக்கும்.

அங்கே சோதனைகள் இருக்கத்தான் செய்தன. 25,500 கோடி டாலர் அளவை அவை நிறுத்தின, மீதி 18,900 கோடி விற்பனை நிரலுக்குப் போய்விட்டது. அவர் சுதாரித்து ரத்து செய்வதற்குள் 140 கோடி விற்றுப்போனது. திரையில் வந்த எச்சரிக்கைகள் 711. அவற்றில் முதல் 18 வரிகள்தான் கண்ணில் பட்டன. மீதியைப் படிக்காமலே பெட்டியை மூட முடிந்தது. அதனால் செல்வி, உனக்கு வேண்டியது இரண்டு சொல். மீறவே முடியாததற்கு 'வரம்புத் தடை', மீறிப் போகலாம் என்பதற்கு 'வரம்பு எச்சரிக்கை'. 'சரிபார்ப்பு' இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஜோசப்: அக்கா, எனக்கும் இது நடந்தது. 412 ரூபாய்ப் பங்கில் 20 வாங்கப் போய் 200 என்று தட்டிவிட்டேன். 82,400 ரூபாய். செயலி வாயே திறக்கவில்லை! இதற்கு என்ன பெயர்?

மாலதி: அதற்குப் பெயர் கைப்பிசகுதான் தம்பி. உன் கணக்கில் பணம் இருந்தது, தொகை வரம்புக்குள் இருந்தது, செயலிக்கு எப்படித் தெரியும்? நீ வழக்கமாக வாங்கும் அளவோடு ஒப்பிடச் சொல்லலாம். ஆனால் வேண்டுமென்றே பெரிதாக வாங்கும்போதெல்லாம் அது கத்தும், நீயும் படிக்காமல் 'சரி' அழுத்தப் பழகிவிடுவாய்.

ராமநாதன்: இரண்டு சொல் என்பதை ஏற்கிறேன். ஆனால் 'தடை' என்றால் அரசு விதித்தது போலத் தொனிக்கிறதே. 'மறிப்பு'?

செல்வி: 'மறிப்பு' சாலை மறியலை நினைவூட்டுகிறது ஐயா. இப்போதைக்கு `Order value exceeds limit` என்ற வரிக்கு 'ஆர்டர் மதிப்பு வரம்பு மீறியது, அனுப்பப்படவில்லை' என்று போடுகிறேன். எச்சரிக்கை மட்டும் என்றால் 'இன்னும் அனுப்பப்படவில்லை'. இரண்டுக்கும் பொதுவாக அமைப்புப் பக்கத்தில் வரும் தலைப்புக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை.