எல்லைக் கணக்கில் பொதுக்காரணியை அடித்துவிட்ட மாணவிக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

மாலைவகுப்பு (இரவு 8.10)

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கட்டை நாளைக் காலை திருப்பித் தந்தாக வேண்டும். எல்லைக் கணக்கொன்றில் ஒரு மாணவி தொகுதியையும் பகுதியையும் காரணிப்படுத்தி, பொதுக்காரணியை அடித்துவிட்டு, எண்ணைப் பிரதியிட்டு விடை எழுதியிருக்கிறாள். 0/0 வருகிறதா என்று முதலில் பார்க்கவில்லை. X எந்த எண்ணாக இருக்கக் கூடாது என்றும் எழுதவில்லை. விடை ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் தவறு. எங்கே, எவ்வளவு குறைப்பது? விரைவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வலப்பக்கம் (8.22)

கேள்வியே இல்லாமல் மதிப்பெண் எப்படிச் சொல்வது, ஐயா? சார்பு என்ன, x எதை நோக்கிச் செல்கிறது, உட்பிரிவுகளுக்கு மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, அந்த மாணவி எழுதிய வரிகள் யாவை என்ற நான்கையும் அப்படியே தாருங்கள். குறிப்பாக, அவள் அடித்த காரணி x செல்லும் இடத்தில் பூச்சியம் ஆகிற காரணியா என்பது தெரிய வேண்டும்.

பழைய_கணக்கு (8.31)

இதற்குக் கேள்வித்தாள் தேவையில்லை. விலக்கப்பட்ட மதிப்பு என்பது பத்தாம் வகுப்புப் பாடம். முப்பது ஆண்டுகளாகத் திருத்துகிறேன். காரணியை அடிக்கும் வரியில் x ≠ a என்று எழுதாதவருக்கு அந்த வரிக்கான மதிப்பெண்ணை நான் கொடுத்ததே இல்லை. இதையெல்லாம் ஆசிரியர் ஒருவர் வந்து கேட்கும் நிலை வந்துவிட்டதே என்பதுதான் வருத்தம்.

ஈரோட்டுத்_தந்தை (8.40)

உங்கள் மகளுக்கு நேர்ந்ததுதான் என் மகனுக்கும் நேர்ந்தது. அவன் எண்ணைப் பிரதியிட்டு 0/0 என்று சரியாகவே கண்டுபிடித்து, "0/0 வரையறுக்கப்படவில்லை, எனவே எல்லை இல்லை" என்று முடித்திருந்தான். பூச்சியம் போட்டுவிட்டார்கள். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர்களே அப்படிச் சொன்னவனுக்கு மதிப்பெண் தர மறுப்பது எந்த விதத்தில் நியாயம்?

மாலைவகுப்பு (8.58)

மன்னிக்கவும், அவசரத்தில் கேள்வியை விட்டுவிட்டேன். (ஈரோட்டு ஐயா, அவள் என் மகள் அல்லள், என் மாணவி.) மொத்தம் 5 மதிப்பெண்.

```
f(x) = (x² − 9)/(x² − 5x + 6)
(அ) x → 3 எனில் எல்லை காண்க.      2
(ஆ) x → 2 எனில் எல்லை காண்க.      2
(இ) எந்த x மதிப்புகளுக்கு f
     வரையறுக்கப்படவில்லை?           1
```

அவள் எழுதியது:

```
f(x) = (x−3)(x+3)/((x−3)(x−2)) = (x+3)/(x−2)
(அ) lim f(x) = 6/1 = 6
(ஆ) lim f(x) = 5/0 = ∞
(இ) x = 2
```

வலப்பக்கம் (9.20)

இப்போது பேசலாம். மூன்று பிரிவிலும் ஒரே முதல் வரியைத்தான் அவள் பயன்படுத்தியிருக்கிறாள் என்றாலும், அந்த வரியில் உள்ள குறை மூன்று இடத்திலும் ஒரே அளவு கெடுதல் செய்யவில்லை.

(அ) பிரிவில் கெடுதலே இல்லை. x மூன்றை நோக்கிச் செல்லும்போது எல்லை என்பது 3 இன் அக்கம்பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. 3 இல் என்ன நடக்கிறது என்று அது கேட்பதே இல்லை. அக்கம்பக்கத்தில் x − 3 பூச்சியம் ஆகாததால் அடித்தது செல்லும், 6 என்ற விடையும் சரி. 0/0 என்று முதலில் எழுதிக் காட்டுவது எந்த முறையைக் கையாள்வது என்று தெரிந்துகொள்ள உதவும் சோதனைதான். அது இல்லாததால் அடுத்த வரி பொய்யாகிவிடாது. விடைக்குறிப்பில் அந்தச் சோதனைக்குத் தனி மதிப்பெண் இல்லையென்றால் 2 கொடுத்துவிட்டு, ஓரத்தில் x ≠ 3 என்று சிவப்பு மையால் எழுதிவிடுங்கள்.

(ஆ) வேறு கதை. இங்கே தொகுதி −5, பகுதி 0. இது தேறப்பெறாத வடிவமே அல்ல. x − 3 ஐ அடித்ததில் இங்கும் தவறில்லை, ஏனெனில் x = 2 இன் அருகில் அது ஏறத்தாழ −1. தவறு 5/0 என்பதை ஓர் எண்போல எழுதி ∞ என்று முடித்ததில் இருக்கிறது. x = 2.01 எனில் 5.01/0.01 = 501; x = 1.99 எனில் 4.99/(−0.01) = −499. வலப்பக்கம் மேலே ஓடுகிறது, இடப்பக்கம் கீழே ஓடுகிறது. ஆகவே எல்லை இல்லை. சுருக்கியதற்கு அரை, பகுதி பூச்சியம் ஆவதைக் கவனித்ததற்கு அரை என ஒன்று கொடுக்கலாம். அதற்கு மேல் இல்லை.

(இ) பிரிவில்தான் அடித்த காரணி பழிவாங்குகிறது. மூலச் சார்பில் x = 3 இட்டால் 0/0, ஆகவே 2, 3 இரண்டுமே வர வேண்டும். விலக்கப்பட்ட மதிப்பை மறந்ததற்கான தண்டனையை இங்கே ஒருமுறை மட்டும் கொடுங்கள். ஒரே குறைக்காக (அ)விலும் வெட்டி (இ)யிலும் வெட்டுவது முறையன்று.

ஈரோட்டு ஐயாவுக்கு ஒரு சொல்: 0/0 என்பது எல்லை உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை, இன்னும் வேலை இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. உங்கள் மகன் f(3) இல்லை என்று எழுதியிருந்தால் சரி. அவன் எழுதியது எல்லையைப் பற்றி. இந்தக் கணக்கில் −5/0 வந்த (ஆ) பிரிவில் அப்படி எழுதியிருந்தால் முடிவு சரியாகவே இருந்திருக்கும்.

பழைய_கணக்கு (9.41)

வலப்பக்கம் நண்பர் தாராளமாக இருக்கிறார். மாணவி எழுதியது f(x) = (x+3)/(x−2) என்ற சமன்பாடு. x = 3 இல் இடப்பக்கத்துக்கு மதிப்பே கிடையாது, வலப்பக்கத்துக்கு 6. எனவே அந்தச் சமன்பாடு பொய். பொய்யான வரியிலிருந்து சரியான விடை வந்தால் அதை நற்பேறு என்றுதான் சொல்ல வேண்டும். வெறுமனே எழுத மறந்தவள் என்றால் (இ)யில் 3 ஐயும் குறிப்பிட்டிருப்பாள். குறிப்பிடவில்லை, ஆகவே இரண்டும் ஒரே சார்பு என்று அவள் நம்புகிறாள். (அ)வில் அரை மதிப்பெண்ணாவது போக வேண்டும்.

சாய்வு_எண் (9.55)

0/0 பார்க்காமல் எந்த முறையைக் கையாண்டாலும் அது செல்லாது என்பதே என் கருத்து. எடுத்துக்காட்டாக, (ஆ)வுக்கு லோபிதாலின் விதியைப் பயன்படுத்திப் பாருங்கள். மேலும் கீழும் வகையிட்டால் 2x/(2x − 5); x = 2 இட்டால் 4/(−1) = −4. அழகான, முழுமையான, முற்றிலும் தவறான விடை! சோதிக்காதவருக்கு அது தவறு என்றே தெரியாது. எனவே சோதனை இல்லையேல் (அ)வுக்கும் மதிப்பெண் இல்லை.

வலப்பக்கம் (10.04)

எடுத்துக்காட்டு அருமை, முடிவுதான் பொருந்தவில்லை. லோபிதாலின் விதிக்கு 0/0 அல்லது ∞/∞ என்பது நிபந்தனை. அது இல்லாமல் விதியே கிடையாது. காரணியை அடிப்பதற்கு அந்த நிபந்தனை இல்லை. அடிக்கும் காரணி பூச்சியம் ஆகாமல் இருந்தால் போதும். ஒரு முறையின் நிபந்தனையை இன்னொரு முறையின் மேல் ஏற்றாதீர்கள்.

பழைய_கணக்கு (10.09)

பதினொன்றாம் வகுப்புத் தாளில் லோபிதால் எதற்கு? அது பன்னிரண்டில் வருவது. இப்போதே அதைச் சொல்லிக்கொடுப்பதால்தான் பிள்ளைகளுக்குக் காரணிப்படுத்தவே வராமல் போகிறது.

சாய்வு_எண் (10.15)

நான் சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தனிவகுப்பில் கற்றுவந்த மாணவர் (அ)வில் 2x/(2x − 5) என்று எழுதி, 6/1 = 6 என்று முடித்தால் பூச்சியம் போடுவீர்களா?

பழைய_கணக்கு (10.18)

0/0 என்று எழுதிவிட்டுச் செய்திருந்தால் போட மாட்டேன். எழுதாமல் செய்திருந்தால் போடுவேன்.

பத்தாம்வகுப்பு_டீச்சர் (10.37)

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். விலக்கப்பட்ட மதிப்பு பத்தாம் வகுப்புப் பாடம் என்று பழைய கணக்கு ஐயா தொடக்கத்திலேயே சொன்னார். அந்தப் பாடத்தை ஆண்டுதோறும் எடுப்பவள் நான். தமிழ்நாட்டுப் பாடநூலில் விகிதமுறு கோவையை முதலில் எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்து, அந்த வடிவத்தை எந்த மதிப்பு வரையறையற்றதாக்குகிறதோ அதையே விலக்கப்பட்ட மதிப்பு என்கிறார்கள். அந்த வரையறைப்படி இந்தக் கோவைக்கு விலக்கப்பட்ட மதிப்பு 2 மட்டுமே. சுருக்கிவிட்டுப் பகுதியைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்து என்று ஓராண்டு முழுவதும் பழக்கியவர்கள் நாங்கள். அந்தப் பிள்ளை அதையே செய்திருக்கிறாள். கேள்வியோ மூலச் சார்பு எங்கே வரையறுக்கப்படவில்லை என்று கேட்கிறது. இரண்டும் வேறு என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா? (இ)யில் "x = 2" என்பதற்கு முன்னால் அவள் ஏதாவது சொல் எழுதியிருக்கிறாளா என்று பாருங்கள், சார்.

பழைய_கணக்கு (10.52)

பாடநூலை எடுத்துப் பார்த்தேன். டீச்சர் சொல்வது சரி. ஆனாலும் கேட்ட கேள்விக்கு அது விடை ஆகாது என்பதில் எனக்கு மாற்றமில்லை.

மாலைவகுப்பு (11.05)

டீச்சர், இங்கே தட்டச்சு செய்தபோது அந்தச் சொல்லை நான்தான் விட்டுவிட்டேன். தாளில் "விலக்கப்பட்ட மதிப்பு x = 2" என்றே இருக்கிறது. வேறு ஆறு பேரும் 2 மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் நால்வர் அதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வலப்பக்கம் (11.16)

அப்படியென்றால் (இ)யைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மதிப்பெண் கொடுக்க முடியாது, ஆனால் அது கவனக்குறைவும் அன்று. (அ)வில் அரை மதிப்பெண்ணை வெட்டுவதா வேண்டாமா என்பது, இரண்டு சார்புகளும் ஒன்றே என்று அவள் உண்மையில் நம்புகிறாளா என்பதைப் பொறுத்தது. விடைத்தாளை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. தாளைத் திருப்பித் தரும்போது "f(3) எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஈரோட்டுத்_தந்தை (11.20)

என் மகனுடைய தாளைத் தேடி எடுத்தேன். "எல்லை இல்லை" என்றுதான் எழுதியிருக்கிறான். ஆனாலும் 0/0 கண்டுபிடித்ததற்கு அரை மதிப்பெண் தரலாம் அல்லவா?

சாய்வு_எண் (11.24)

தரலாம். நானாக இருந்தால் கட்டாயம் தருவேன்.

மாலைவகுப்பு (மறுநாள் பகல் 12.40)

சுருக்கமாகச் சொல்கிறேன், அடுத்த வகுப்பு இருக்கிறது. (அ) 2, (ஆ) 1, (இ) 0 என்று போட்டேன். தாளைத் தரும்போது f(3) எவ்வளவு என்று கேட்டேன். சிறிதும் தயங்காமல் "6, சார்" என்றாள். சுருக்கியதில் போடாதே, கேள்வியில் இருக்கிற சார்பில் போட்டுப் பார் என்றேன். ஓரத்திலேயே 9 − 9 என்றும், 9 − 15 + 6 என்றும் எழுதிப் பார்த்துவிட்டு, "மேலேயும் கீழேயும் பூச்சியம் வருதே, அப்புறம் அந்த 6 எங்கிருந்து வந்துச்சு, சார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.